பன்னிரண்டு படம், ஒரே வள்ளி

குர்தியைத் திருப்பி அனுப்பிய பெண் எழுதியிருந்த காரணம் இது: "படத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. எனக்குக் கெண்டைக்காலைத் தாண்டி வருகிறது." அதே வாரம் அதே குர்தி இன்னும் சிலரிடமிருந்தும் திரும்பி வந்தது. அளவில் தவறு இல்லை. 44 அங்குல நீளம் என்று போட்டிருந்தோம், டேப் வைத்துப் பார்த்தால் 44 அங்குலம்தான். தவறு படத்தில் இருந்த பெண்ணிடம். அவள் நாங்கள் கற்பனையாக உருவாக்கிய மாடல். 162 செ.மீ. உயரம் என்று முடிவு செய்து உருவாக்கியவள், அந்த ஒரு படத்தில் மட்டும் சத்தமில்லாமல் 183 செ.மீ.க்கு வளர்ந்திருந்தாள். முகம் அச்சு அசலாக அதே முகம். அதனால்தான் எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

ஒரு துணி பிராண்டின் பிரசாரத்துக்குப் பன்னிரண்டு படம் வேண்டும், பன்னிரண்டிலும் ஒரே பெண் இருக்க வேண்டும், அவள் உண்மையில் இல்லாதவள். இந்த அத்தியாயத்தின் வேலை இதுதான். முகத்தைப் பிடித்து வைக்கும் வழிகளைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். உடல்வாகைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. துணி விற்பவருக்கோ அதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். நான் இரண்டையும் சொல்கிறேன், ஆனால் இரண்டாவதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். இந்தத் தொழிலில் மென்பொருளையும் 'மாடல்' என்கிறார்கள், துணி உடுத்தி நிற்பவரையும் 'மாடல்' என்கிறார்கள். "மாடல் சரியில்லை, மாற்றிவிடலாம்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் இரண்டு நாள் வேலையை அழித்த கதையெல்லாம் உண்டு. இங்கே மாடல் என்றால் அந்தப் பெண். எங்கள் அலுவலகத்தில் அவளை வள்ளி என்றே கூப்பிட்டோம். படம் வரையும் மென்பொருளைப் பட இயந்திரம் என்கிறேன்.

அடையாளச் சீட்டு

இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். வள்ளியின் தாளில் இருந்தவை: வயது 27. உயரம் 162 செ.மீ. மார்பு 36, இடுப்பு 30, பிட்டம் 39 அங்குலம், அதாவது அந்த பிராண்டின் M அளவு. மாநிறத்துக்கு ஒரு படி மேலான கறுப்பு. மூக்கு நுனி கொஞ்சம் அகலம். இடது புருவம் வலதைவிடச் சற்று உயரம். இடது கன்னத்தில், வாயோரத்துக்கு மேலே ஒரு சிறிய மச்சம். நெற்றி மயிர்க்கோடு நடுவில் லேசாகக் கீழே இறங்கும்.

புருவமும் மச்சமும் அழகுக்காக எழுதியவை அல்ல. பட இயந்திரம் லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது. நீங்கள் பிடித்து நிறுத்தாத இடத்திலெல்லாம் அது பொதுவான முகத்தை நோக்கிச் சரியும். அந்தப் பொதுவான முகத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், மூக்கு கூராக இருக்கும், தோல் வெளுத்திருக்கும். முகத்தில் நாலு கோணல்களை நாமே வைத்துவிட்டால், எந்தப் படத்தில் சரிவு தொடங்கியது என்று கண்டுபிடிக்க அவை அடையாளக் கல்லாக நிற்கும். புருவங்கள் சமமாகிவிட்டால் மற்றவையும் நகரத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

அடுத்து தாய்ப் படம். பிற்பாடு எல்லாவற்றுக்கும் மூலமாக நிற்கப்போகும் ஒரே ஒரு முகம். இரண்டு நடிகைகளின் பெயரைக் கலந்து எழுதினால் புது முகம் கிடைக்கும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். செய்யாதீர்கள். கலவையில் ஒருவரின் சாயல் எப்போதும் தூக்கலாக இருக்கும், அவரது வழக்கறிஞருக்கு அது உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். சீட்டில் உள்ள வர்ணனையை மட்டும் கொடுத்து இருநூறு முகம் வரை எடுத்தோம், மூன்றைப் பொறுக்கினோம், மூன்றையும் இணையத்தில் படத்தை வைத்துத் தேடிப் பார்த்தோம். ஒன்று ஒரு சீரியல் நடிகையை அப்படியே ஒத்திருந்தது. அதைத் தள்ளினோம். மீதி இரண்டில் ஒன்று வள்ளி.

ஒன்றிலிருந்து இருபத்துநான்கு

ஒரு படம் போதாது. அவளைப் பக்கவாட்டில், சிரிக்கும்போது, வெயிலில், நிழலில், தூரத்தில் பார்த்தால் எப்படி இருப்பாள் என்று இயந்திரத்துக்குச் சொல்லித் தர வேண்டும். அதற்குத்தான் லோரா பயிற்சி. 2021இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மொழி இயந்திரங்களுக்காக முன்வைத்த முறை அது. பெரிய இயந்திரத்தைத் தொடாமல், அதன் மேல் ஒட்டும் ஒரு சிறு கோப்பில் மட்டும் புதிய பாடத்தை எழுதி வைக்கிறது. படத் துறை அதைச் சுவீகரித்துக்கொண்டது. எங்கள் வேலை ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் மேல் நடந்தது. ஃப்ளக்ஸ் போன்ற புதியவற்றிலும் போக்கு இதேதான், எண்கள் மாறும்.

பயிற்சிக்கு 24 படங்கள் வைத்தோம்: பத்து நெருக்கமான முகங்கள், எட்டு இடுப்பளவுப் படங்கள், ஆறு முழு உருவங்கள். தாய்ப் படத்தைப் படம் திருத்தும் இயந்திரத்தில் கொடுத்து, "தலையை இடப்பக்கம் திருப்பு", "வெயிலில் நிறுத்து" என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் படத்திலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாகப் போவார்கள். ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்தால் ஐந்தாவது தாளில் எழுத்து எப்படி இருக்கும்? ஒவ்வொரு தடவையும் தாய்ப் படத்துக்கே திரும்பிப் போய் அங்கிருந்து எடுங்கள். சங்கிலியில் எடுத்த ஒரு தொகுப்பை நான் வைத்துப் பார்த்தேன். ஏழாவது படத்தில் மச்சம் இல்லை, பத்தாவதில் மூக்கு கூர்ந்திருந்தது.

இருபத்துநான்கிலும் உடை, பின்னணி, வெளிச்சம், முகபாவம் எல்லாம் மாற வேண்டும். எல்லாப் படத்திலும் அதே ஜிமிக்கி இருந்தால், ஜிமிக்கியும் முகத்தின் ஓர் உறுப்பு என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். பிறகு கழற்றச் சொன்னாலும் கழற்றாது.

ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு விவரக் குறிப்பு போகும். அதை கேப்ஷன் என்கிறோம். இதன் தருக்கம் முதலில் தலைகீழாகத் தோன்றும். குறிப்பில் எழுதுவதெல்லாம் மாறக்கூடியது, எழுதாமல் விடுவதெல்லாம் அவளோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மச்சம், மூக்கு, நிறம், உடல்வாகு எதையும் எழுதக்கூடாது. உடை, நகை, பாவம், இடம், வெளிச்சம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். வள்ளியின் பெயருக்குப் பதிலாக வேறெங்கும் பொருள் இல்லாத `vlx7` என்ற சொல்லை வைத்தோம். `valli` என்று வைத்திருந்தால் அந்தச் சொல்லோடு ஏற்கெனவே இயந்திரம் பார்த்த படங்களின் சாயலும் சேர்ந்து வரலாம்.

```
vlx7 woman, full body, standing, red cotton salwar,
small jhumka earrings, hair in a loose braid,
closed-mouth smile, terrace, overcast light
```

இதில் பின்னலைப் பற்றிய சொற்கள் முதல் தடவை எங்கள் குறிப்புகளில் இல்லை. அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

பயிற்சிக்கு நாங்கள் கோயா ஸ்கிரிப்டுகளைப் பயன்படுத்தினோம். அதன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைக் கவனியுங்கள்.

```
[[datasets]]
resolution = 1024
enable_bucket = true

  [[datasets.subsets]]
  image_dir = "valli_24"
  num_repeats = 10
  flip_aug = false
```

`flip_aug` என்பது படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, பயிற்சிப் படங்களை இரட்டிப்பாக்கும் வசதி. பொருள்களுக்கு நல்லதுதான். முகத்துக்கு ஆகாது. அதைத் திறந்துவிட்டால் வள்ளிக்குச் சில படங்களில் வலது கன்னத்தில் மச்சம் வரும், சிலவற்றில் இரண்டு கன்னத்திலும் வரும். நாம் கஷ்டப்பட்டு வைத்த கோணல் புருவமும் சமமாகிவிடும்.

24 படம், ஒவ்வொன்றும் பத்து தடவை, அப்படி எட்டுச் சுற்று. ஓர் அடிக்கு ஒரு படம் என்று போனால் மொத்தம் 1,920 அடிகள். கடைசிச் சுற்றுதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோப்பைச் சேமித்து, எட்டையும் ஒரே பிராம்ப்டில் ஒரே சீடு எண்ணில் ஓடவிட்டு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எங்களுக்கு ஐந்தாவது பொருந்தியது. மூன்றாவதில் அவள் வள்ளியின் தங்கை போல இருந்தாள். எட்டாவதில் முகம் அப்படியே இருந்தது, ஆனால் அழச் சொன்னாலும் அதே மூடிய வாய்ச் சிரிப்பு, கடற்கரை கேட்டாலும் மொட்டை மாடி. பாடம் மனப்பாடமாகிவிட்டதன் அடையாளம் அது.

தூரத்தில் நின்றால் ஏன் வேறொருத்தி

நெருக்கமான படங்களில் வள்ளியாக இருந்தவள், முழு உருவப் படத்தில் யாரோவாக மாறிவிடுவாள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

படத்தின் உயரம் 1,024 புள்ளிகள் என்று வையுங்கள். அதில் அவள் தலை முதல் கால் வரை 900 புள்ளிகள் நிற்கிறாள். தலை உயரம் மொத்த உயரத்தில் ஏழேகாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 122 புள்ளிகள். ஆனால் எக்ஸ்எல் இயந்திரம் புள்ளிகளில் நேரடியாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டாகச் சுருக்கிய ஒரு கட்டத்தாளில் வரைந்து கடைசியில் விரிக்கிறது. 122ஐ எட்டால் வகுத்தால் 15. உச்சி முதல் தாடை வரை மொத்தம் பதினைந்து கட்டங்கள். அதில் கண்ணுக்கு ஒன்றோ இரண்டோ. கோணல் புருவத்தையும் மச்சத்தையும் அதில் எங்கே வைப்பது? லோராவின் பலத்தை ஏற்றிப் பயனில்லை. ஏற்றினால் பின்னணிதான் பயிற்சிப் படங்களைப் போல மாறும்.

ஆகவே முழு உருவத்தை முதலில் வரைய விட்டு, பிறகு முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, 1,024 புள்ளிக்குப் பெரிதாக்கி, அதன் மேல் வள்ளியின் முகத்தை மறுபடி வரைந்து, சுருக்கித் திரும்ப ஒட்ட வேண்டும். கம்ஃபியூஐயில் `FaceDetailer` என்ற பெட்டி இதைத் தானே செய்யும். அதில் `denoise` என்ற எண், பழைய முகத்தை எவ்வளவு அழித்து வரைவது என்பதைச் சொல்கிறது. நாங்கள் 0.35க்கும் 0.45க்கும் நடுவில் நின்றோம். 0.2இல் அந்த யாரோ கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தாள், அவ்வளவுதான். 0.6இல் முகம் கச்சிதமாக வள்ளி, ஆனால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர முகம் மட்டும் வலப்பக்கம் பளிச்சென்று, திருவிழா ஸ்டூடியோவில் அட்டை உருவத்தின் ஓட்டையில் தலையை நுழைத்து எடுத்த படம்போல இருந்தது. வெட்டும் பெட்டியைக் கழுத்தும் காதோர முடியும் உள்ளே வரும்படி அகலமாக வையுங்கள். முகத்தை ஒட்ட வெட்டினால் தாடைக்குக் கீழே நிறம் மாறும் கோடு விழும்.

நிறம் இந்த இடத்தில்தான் அதிகமாகத் தப்பும். முகத்தை மறுபடி வரையும்போது தனி பிராம்ப்ட் கொடுக்கிறோம். அதில் பழக்கதோஷத்தில் `glowing skin`, `radiant` என்று எழுதிவிட்டால் வள்ளி ஒரே படத்தில் இரண்டு நிறமாவாள், கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். முகத்தின் நிறத்தை நெற்றி நடுவில் தொட்டுப் பாருங்கள், புறங்கையையும் தொட்டுப் பாருங்கள். லேப் அளவில் வெளுப்பைச் சொல்லும் L எண்ணைப் பல படத் திருத்திகள் காட்டும். எங்கள் தாய்ப் படத்தில் நெற்றி 45. ஒரு படத்தில் 57 வரை போயிருந்தது, அதே படத்தில் கை 44. வெயில் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும்.

உடல்வாகு

இப்போது திரும்பி வந்த குர்திக்கு வருவோம். அந்தப் படத்தில் வள்ளி எப்படி வளர்ந்தாள்?

முகத்துக்கு மச்சம் இருக்கிறது, உடலுக்கு அப்படி ஒரு குறி இல்லை. அதனால் உடலைத் தலைக்கணக்கில் அளக்கிறோம். ஓவியர்கள் பழைய காலத்திலிருந்து செய்வதுதான். வள்ளியின் உயரம் 162, தலை உயரம் 22 செ.மீ. அப்படியானால் அவள் 7.4 தலை உயரம். படத்தில் உச்சியை அளப்பது கஷ்டம், முடி ஏமாற்றும். கண்மணிக் கோடு பெரியவர்களின் தலையில் ஏறக்குறையப் பாதி உயரத்தில் இருக்கிறது. எனவே கண்மணியிலிருந்து தாடை வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். முகம் நேராக இருக்கும் படங்களுக்கு மட்டுமே இது செல்லும், குனிந்தோ நிமிர்ந்தோ இருந்தால் கணக்கு உடையும்.

தவறான படத்தில் அவள் 8.3 தலை. 8.3ஐ 22ஆல் பெருக்கினால் 183 செ.மீ. வந்துவிடுகிறது. இயந்திரம் குர்தியைத் தோள் அகலத்துக்குப் பொருத்தி வரைந்திருந்தது. தோள் சரியாக இருந்தது, கால்கள்தான் நீண்டிருந்தன. கழுத்தோரத் தோள் முனை நிற்பவரின் உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கில் இருக்கும். 162 செ.மீ. பெண்ணுக்குத் தரையிலிருந்து 138 செ.மீ. அங்கிருந்து 44 அங்குலம், அதாவது 112 செ.மீ. தொங்கினால் குர்தியின் ஓரம் தரையிலிருந்து 26 செ.மீ. மேலே நிற்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண். 183 செ.மீ. பெண்ணுக்கோ அதே குர்தி முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறங்கினாலே அதிகம். வாங்கிய பெண் சொன்னது இம்மி பிசகாத உண்மை.

கால் நீண்டதற்குக் காரணம் தேடிப் போனால் அது எங்கள் கைவேலை. நிற்கும் நிலையைச் சொல்ல, கன்ட்ரோல்நெட்டில் ஓப்பன்போஸ் எலும்புக்கோட்டைக் கொடுத்திருந்தோம். அந்தக் கோட்டை ஒரு வெளிநாட்டு ஃபேஷன் படத்திலிருந்து எடுத்திருந்தோம். எலும்புக்கோடு, கை எங்கே, கால் எங்கே என்று மட்டும் சொல்வதில்லை. ஒவ்வொரு எலும்பின் நீளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஓடுபாதையில் நடக்கும் பெண்ணின் தொடை எலும்பை வள்ளிக்கு நாங்களே மாட்டிவிட்டிருக்கிறோம். அதே கோடு உடலின் பருமனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த வெற்றிடத்தில், பிராம்ப்டில் இருந்த `fashion campaign` என்ற இரண்டு சொற்கள் புகுந்து அவளை மெலிய வைத்தன. எந்தச் சொல் எவ்வளவு மெலிய வைக்கிறது என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சீடை மாற்றாமல் `editorial`, `runway`, `elegant` என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இடுப்பு ஒவ்வொரு சுற்று உள்ளே போவதைக் கண்ணால் காணலாம்.

நாங்கள் பிறகு செய்தது இது. மேக்ஹியூமன் என்ற இலவச மென்பொருளில் சீட்டில் உள்ள அளவுகளை வைத்து ஒரு பொம்மையைச் செய்தோம். உயரம், மார்பு, இடுப்பு, பிட்டம் எல்லாவற்றுக்கும் அதில் அளவுப் பலகை உண்டு. அந்தப் பொம்மையை பிளெண்டரில் வைத்து, பன்னிரண்டு படத்துக்கும் பன்னிரண்டு நிலையில் நிறுத்தி, ஆழப் படம் எடுத்தோம். ஆழப் படம் என்றால் அருகில் இருப்பது வெளுப்பாகவும் தூரத்தில் இருப்பது கறுப்பாகவும் தெரியும் ஒரு சாம்பல் படம். எலும்புக்கோடு போலன்றி இதில் தோள் அகலமும் பிட்டத்தின் வளைவும் அப்படியே இருக்கும். கன்ட்ரோல்நெட்டில் அதைக் கொடுத்தால் வள்ளி தன் உடம்போடு நிற்பாள்.

ஒரு சிக்கல் உண்டு. பொம்மைக்கு உடை இல்லை. ஆழப் படத்தை முழு பலத்தோடு கடைசி வரை வைத்திருந்தால், தளர்வாகத் தொங்க வேண்டிய குர்தி ஈரத்துணிபோல உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதனால் `strength` 0.6, `end_percent` 0.5 என்று வைத்தோம். முதல் பாதி அடிகளில் உடலின் நிலையும் அளவும் முடிவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு பொம்மை விலகிக்கொள்ள, துணியின் மடிப்பும் தளர்வும் தம் போக்கில் வருகின்றன. ஏ-லைன், அனார்கலி போன்ற விரிந்த உடைகளுக்கு 0.35இலேயே விலக்கினோம். பயிற்சித் தொகுப்பின் ஆறு முழு உருவப் படங்களையும் இந்தப் பொம்மையின் மேல் வரைந்துவிட்டால், லோராவே அந்த உடல்வாகைக் கற்றுக்கொள்ளும். முதல் தடவை நாங்கள் அப்படிச் செய்யவில்லை, இரண்டாம் தடவை செய்தோம், வேலை பாதியாகக் குறைந்தது.

உடல் நீள இன்னொரு திருட்டு வழி, படத்தின் சட்டம். விளம்பரத்துக்கு 832×1216, மொபைல் ரீலுக்கு 768×1344 என்று தனித்தனியே வரைய வைத்தால், நீண்ட சட்டத்தை நிரப்ப இயந்திரம் உடலை இழுக்கும். சில சமயம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் கூடுதல் தொடை வந்து சேரும். எல்லா முழு உருவங்களையும் ஒரே சட்டத்தில் வரைந்து, நீளம் வேண்டுமானால் மேலே வானத்தையும் கீழே தரையையும் பிறகு நீட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். துணியின் பொருத்தத்தைப் பார்த்து வாங்கும் பக்கங்களுக்கு, அதாவது அளவு தேர்ந்தெடுக்கும் இடத்தில் வரும் படங்களுக்கு, கற்பனை உடலை நான் வைப்பதில்லை. M அளவு உடைய ஒரு பெண்ணுக்கு உண்மைக் குர்தியைப் போட்டு, சாதாரண வெளிச்சத்தில் படமெடுத்து, கழுத்துக்கு மேல் மட்டும் வள்ளியை வரைகிறேன். அந்தப் பெண்ணிடம் எதற்காக, எத்தனை நாளுக்கு, எங்கெல்லாம் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, கூலி கொடுத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் அவரையே கூப்பிடுகிறேன். துணியின் தொங்கலை எந்த எண்ணாலும் இதைவிட நன்றாகப் பிடிக்க முடிந்ததில்லை. பிரசாரப் படங்களுக்கு முழுக் கற்பனை, அளவுப் பக்கத்துக்குப் பாதிக் கற்பனை என்று பிரித்துக்கொண்டோம்.

பன்னிரண்டையும் வரிசையில் நிறுத்துதல்

முகம் ஒத்திருக்கிறதா என்று கணினியையும் கேட்கலாம். ஆர்க்ஃபேஸ் போன்ற முறைகள் ஒரு முகத்தை 512 எண்களாக மாற்றும். இரண்டு முகங்களின் எண்கள் எவ்வளவு ஒரே திசையில் இருக்கின்றன என்பதுதான் ஒப்புமை. ஒன்றுக்கு நெருங்க நெருங்க ஒரே ஆள். யாரோ சொன்ன எல்லை எண்ணை நம்ப வேண்டாம். உங்கள் 24 பயிற்சிப் படங்களையும் தாய்ப் படத்தோடு ஒப்பிட்டு, அதில் வரும் மிகக் குறைந்த எண்ணை எல்லையாக வையுங்கள். நேர்முகத்துக்கு ஓர் எல்லை, பக்கவாட்டுக்கு ஓர் எல்லை. அதற்குக் கீழே விழுந்த பிரசாரப் படம் திரும்ப வரையப்பட வேண்டும். இன்சைட்ஃபேஸ் தரும் தயார் கோப்புகள் ஆய்வுக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல. ஒரே படத்தைக் காட்டி முகத்தை இறக்கும் இன்ஸ்டன்ட்ஐடி போன்றவையும் அதே கோப்புகளின் மேல் நிற்கின்றன. பிராண்டுக்கு வேலை செய்பவர் உரிமத்தைப் படித்துவிட்டுத் தொடுவது நல்லது.

இந்த எண்ணுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. வெளிச்சம் மாறினாலும் ஆளை அடையாளம் காண வேண்டும் என்றே அதைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் வள்ளி இரண்டு படி வெளுத்தாலும் அது பாஸ் போட்டுவிடும். மச்சம் காணாமல் போனாலும் பெரிதாகக் குறைக்காது. உடலைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

மீதியைக் கண்தான் செய்ய வேண்டும். பன்னிரண்டு படங்களையும் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி ஒரே தாளில் அச்சடிப்போம். அந்த அளவில் நுணுக்கம் மறைந்து, தலைக்கும் உடலுக்குமான விகிதமும் நிறமும் மட்டும் தெரியும். எவள் அந்நியமாக நிற்கிறாளோ அவள்மேல் சட்டென்று கண் போய் நிற்கும். பிறகு பெரிதாக்கிச் சீட்டை வைத்துக்கொண்டு புருவம், மச்சம், மூக்கு, மயிர்க்கோடு என்று வரிசையாகப் பார்ப்போம். கடைசியாகத் தலைக்கணக்கு. 7.4க்கு மேலும் கீழும் 0.3 வரை விட்டுவிடுவோம், குதிகால் செருப்புக்கு அவ்வளவு தேவைப்படும். அந்தக் குர்திப் பிரசாரத்தைத் திரும்பச் செய்தபோது பன்னிரண்டில் ஒன்பது முதல் தடவையிலேயே தேறின. ஒன்றில் மச்சம் வலப்பக்கம் வந்திருந்தது. விசாரித்ததில், வடிவமைப்பாளர் எழுத்துக்கு இடம் வேண்டுமென்று படத்தையே இடவலமாகத் திருப்பியிருந்தார். குர்தியின் பட்டன் பட்டியும் சேர்ந்து திரும்பியிருந்ததை யாரும் பார்க்கவில்லை, மச்சம்தான் காட்டிக்கொடுத்தது. இன்னொன்றில் முகம் வெளுத்திருந்தது. மூன்றாவதில் அவள் 7.9 தலை.

எல்லாம் முடிந்து ஒப்படைத்து நாலு மாதம் கழித்து பிராண்டின் உரிமையாளர் அம்மா கூப்பிட்டார். "கோடை வருது சார், வள்ளிக்கு முடியைத் தோள் வரைக்கும் வெட்டிடலாமே?" சின்ன வேலை என்று நினைத்துச் சரி என்றேன். `shoulder-length hair` என்று எழுதினேன், பின்னல் வந்தது. `bob cut` என்று எழுதினேன், பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு நின்றாள். லோராவின் பலத்தைக் குறைத்தேன், முடி குட்டையானது, முகம் போய்விட்டது. 24 படத்திலும் பின்னல், 24 குறிப்பிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னல் அவளோடு பிறந்தது என்றே இயந்திரம் கற்றிருந்தது. பத்துப் படங்களில் முடியை மாற்றி வரைந்து, இருபத்துநான்கு குறிப்புகளிலும் முடியைப் பற்றி எழுதி, முதலிலிருந்து பயிற்சி கொடுத்தோம். அதற்கு இரண்டு நாள் ஆனது. உரிமையாளர் அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, பின்னலே நன்றாக இருந்தது என்றார்.